அட்வான்ஸில் 63,340 ரூபாய் பிடித்துக்கொண்ட ஓனருக்கு என்ன எழுதுவது?

"வேளச்சேரியில் 18,000 ரூபாய் வாடகைக்கு 33 மாதம் இருந்தோம். அட்வான்ஸ் ஒரு லட்சம். அக்ரிமென்ட்படி ஒரு மாத நோட்டீஸ். அக்டோபர் 10 அன்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு 31 அன்று காலி செய்து சாவி கொடுத்தோம். டிசம்பர் 5-ஆம் தேதிதான் ஓனர் ஒரு லிஸ்ட் அனுப்பினார்: பெயின்டிங் 28,000, டீப் கிளீனிங் 6,000, புது கீசர் 7,500, பூட்டும் குழாயும் 2,200, கரண்ட் பில் 1,640, நோட்டீஸ் குறைவுக்கு ஒரு மாத வாடகை 18,000. எல்லாம் போக 36,660 தருவாராம், அதுவும் 'கணக்கு முடிந்தது' என்று எழுதிக் கொடுத்தால். அக்ரிமென்ட்டில் பெயின்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு சுவரில் பையன் க்ரேயானால் கிறுக்கியது உண்மை. கீசர் செப்டம்பரிலேயே சூடாவதில்லை. மெக்கானிக் 1,500 ஆகும் என்றார், ஓனரிடம் சொன்னேன், 'பார்க்கலாம்' என்றார். கடிதம் எப்படி எழுதுவது?"

முதலில் ஒன்று. 'கணக்கு முடிந்தது' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்றும் அனுப்பாதீர்கள். அவர் தானாகவே 36,660 ரூபாயை உங்கள் கணக்கில் போட்டுவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: "ரூ. 36,660 வந்தது, அட்வான்ஸின் ஒரு பகுதியாக வரவு வைத்துக்கொண்டேன், மீதி பாக்கி உள்ளது." பிறகு கோர்ட்டில் 'இவரே ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டார்' என்று அவர் சொன்னால் மறுத்துக் காட்ட இந்த ஒரு வரி வேண்டும்.

இந்த மாதிரி கடிதங்களை நான் வழக்கறிஞர் என்ற முறையில் வாடகைக்காரர்களுக்காகவும் எழுதியிருக்கிறேன், ஓனர்களுக்காகப் பதிலும் எழுதியிருக்கிறேன். மாடியில் ஒரு போர்ஷனை நானும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஓனர் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத் திணறுவேன் என்பது அதனால் தெரியும். 'முழு ஒரு லட்சமும் உடனே வேண்டும், இல்லையென்றால் போலீஸ்' என்று வரும் கடிதத்தைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. கரண்ட் பில்லைக்கூட ஒத்துக்கொள்ளாதவர் என்று அந்த ஒரு இனத்தைப் பிடித்துக்கொண்டே பதில் எழுதிவிடலாம். தவிர, இது சிவில் விவகாரம். ஸ்டேஷனில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். தன் பக்கம் கொடுக்க வேண்டியதை ரூபாய் கணக்கில் தானே ஒத்துக்கொண்டு, மற்றதை ஏன் கொடுக்க முடியாது என்று இனம் இனமாகச் சொல்லும் கடிதம்தான் சங்கடப்படுத்தும். உங்கள் லிஸ்டில் ஒத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. அவற்றை முதலில் பிரிப்போம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பழைய 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் வருடத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவுப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு நவம்பர் 30. லிஸ்ட் வந்ததே டிசம்பர் 5. அதனாலேயே அவருடைய பிடித்தம் எல்லாம் செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் கெடுவைத் தாண்டியவர் அவர் என்பதை முதல் பத்தியிலேயே பதிவு செய்ய வேண்டும்.

15-ஆவது பிரிவு பழுதுபார்ப்பு பற்றியது. வீட்டை எடுத்தபோது இருந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும், சாதாரணத் தேய்மானம் நீங்கலாக. எந்த வேலை யார் தலையில் என்பது சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எழுதாமல் விட்ட இடத்தில் அட்டவணை பேசும். உங்கள் கடிதத்தின் பலம் முழுக்க இந்த அட்டவணையில்தான், ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் லைனையும் வயரிங்கையும் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர்க் குழாய், அதன் வாஷர், சுவிட்ச், கதவு அலமாரிகளின் பூட்டு, கீசர் ரிப்பேர் இவையெல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. ஆமாம், கீசர் ரிப்பேர் உங்கள் பக்கம்தான். முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், ஓனரின் வக்கீல் சொல்லித் தெரிய வேண்டாம்.

இப்போது லிஸ்டுக்கு வருவோம். கரண்ட் பில் 1,640 யாருடைய உபயோகம் என்று பாருங்கள். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். நீங்கள் காலி செய்வதற்கு ஓரிரு நாள் முன்னால் எடுத்த ரீடிங் என்றால் முழுத் தொகையும் உங்களுடையது, பேசாமல் ஒத்துக்கொள்ளுங்கள். காலி செய்த பிறகு எடுத்தது என்றால், சாவி கொடுத்த அன்று எடுத்த மீட்டர் போட்டோவை வைத்து உங்கள் யூனிட்டை மட்டும் கணக்கிட வேண்டும். கீழே முழுத் தொகை என்றே வைத்துக்கொள்கிறேன். பூட்டும் குழாயும் 2,200, அட்டவணைப்படி உங்கள் பக்கம். தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் அதற்காகச் சண்டை பிடித்தால் பெரிய இனத்தின் மேல் இருக்கும் கவனம் சிதறும்.

கீசரில் வேலை இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவுதான் உங்களுடையது, புது கீசரின் விலை அல்ல. வீட்டை எடுக்கும்போதே சுவரில் இருந்த, பல வருடம் ஓடிய கீசருக்குப் பதில் புதியது வாங்கி மாட்டினால் அந்தப் புதிய கீசர் யாருக்கு உழைக்கப் போகிறது? அவருக்கும் அடுத்து வருபவருக்கும். செப்டம்பரில் மெக்கானிக் சொன்ன 1,500-ம், நீங்கள் ஓனருக்கு அனுப்பிய செய்தியும், அவருடைய 'பார்க்கலாம்' என்ற பதிலும் தேதியோடு இருக்கின்றன அல்லவா? அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இந்தப் பத்தியின் முதுகெலும்பு. 1,500 ஒத்துக்கொள்ளுங்கள், 6,000 மறுங்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் தப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தப்பு? அக்டோபர் 10 அன்று சொன்னீர்கள், ஒரு மாதம் நவம்பர் 9-ஓடு முடிகிறது. அக்டோபர் முழுக்க வாடகை கொடுத்துவிட்டீர்கள். நோட்டீஸில் குறைவது ஒன்பது நாள்தான். 18,000-ஐ முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 600, ஒன்பது நாளைக்கு 5,400. ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடுதான், தண்டனை இல்லை என்பது 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74-ஆவது பிரிவுகளின் அடிப்படை. இருபத்தொரு நாள் முன்னால் சொன்னவருக்கும் சொல்லாமலே ஓடியவருக்கும் ஒரே தொகை என்பது நிற்காது. நவம்பர் 9-க்கு முன்பே அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டில் யாராவது சொன்னால், அதை இந்தக் கடிதத்தில் போடாதீர்கள். நிரூபிக்க முடியாத ஒன்றைப் போட்டு, அவர் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் மறுத்தால் மற்ற பத்திகளும் சேர்ந்து சாயும். புது வாடகைதாரர் வந்த தேதி என்ன என்று ஒரு கேள்வியாக மட்டும் கேட்டு வையுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் நல்லதுதான்.

பெயின்டிங்தான் பெரிய இனம். சென்னையில் 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு' என்று பல அக்ரிமென்ட்டில் அச்சடித்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என் பதிலே வேறு. நீங்கள் கையெழுத்துப் போட்டதை எதிர்த்து நிற்பது கஷ்டம். உங்களுடையதில் இல்லை என்கிறீர்கள். இன்னொரு முறை பின்பக்கம், அட்டவணை, ரெனியூவல் செய்த தாள்கள் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். 33 மாதம் என்றால் 11 மாத அக்ரிமென்ட் மூன்று இருக்கும், நடுவில் ஒன்றில் யாராவது ஒரு வரி சேர்த்திருப்பார்கள். உண்மையிலேயே இல்லையென்றால், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் வேலை. நிறம் மங்கியது, காலண்டர் மாட்டிய ஆணித் துளை, சோபா உரசிய தடம் எல்லாம் மூன்று வருடம் மனிதர்கள் வாழ்ந்ததன் தேய்மானம்.

ஆனால் க்ரேயான் கிறுக்கல் தேய்மானம் இல்லை. அதற்கும் வீடு முழுக்க அடித்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் உங்கள் வாதம். அந்தச் சுவரை அளந்து பாருங்கள், அல்லது போட்டோவை வைத்துக் கணக்கிடுங்கள். 12 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 120 சதுர அடி. ஒரு பெயின்டரிடம் அந்த ஒரு சுவருக்கு மட்டும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். சதுர அடிக்கு 20 ரூபாய் என்று அவர் எழுதித் தந்தால் 2,400. பழைய பெயின்டுக்கு வயது ஆகிவிட்டது என்று பாதியாகக் குறைத்துக் கேட்கவும் வழி இருக்கிறது. நானாக இருந்தால் முழுதாகக் கொடுத்துவிடுவேன். 1,200 ரூபாய்க்கு அந்தப் பத்தியின் கௌரவத்தைக் கெடுக்க வேண்டாம்.

டீப் கிளீனிங்குக்கு அக்ரிமென்ட்டில் வரி இல்லை, அட்டவணையில் வரி இல்லை, பில்லும் அனுப்பவில்லை. பெருக்கித் துடைத்துக் கொடுத்ததற்குக் காலி வீட்டின் போட்டோ அல்லது வீடியோ இருந்தால் போதும், முழுவதும் மறுங்கள்.

கூட்டினால்: 1,640, 2,200, 1,500, 5,400, 2,400. மொத்தம் 13,140. வர வேண்டியது 86,860. அவர் தருவதாகச் சொன்னதைவிட 50,200 அதிகம். கடிதத்தில் கேட்க வேண்டிய எண் இந்த 86,860. உருண்டையாக 90,000 என்று கேட்டால் பேரம் தொடங்கும். இப்படிக் கடைசி இலக்கம் வரை கணக்கோடு வந்த எண்ணைக் குறைக்க அவர் ஏதாவது ஓர் இனத்தைத் தொட்டாக வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கட்டும். அக்ரிமென்ட்டில் யார் வாடகைதாரரோ அவர் பெயரிலேயே அனுப்புங்கள். மனைவி பெயரில் அக்ரிமென்ட் என்றால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஓனர் வெளிநாட்டில் இருந்து, பவர் வாங்கிய உறவினர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் இருவருக்கும் அனுப்புங்கள்.

நாள்: 12.12.2025

பொருள்: வேளச்சேரி வீட்டின் முன்பணம் ரூ. 1,00,000-இல் தாங்கள் செய்துள்ள பிடித்தங்களுக்கு ஆட்சேபம்; ரூ. 86,860 திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். மேற்கண்ட வீட்டில் 01.02.2023 முதல் மாதம் ரூ. 18,000 வாடகைக்குக் குடியிருந்து, 31.10.2025 அன்று காலி செய்து சாவியைத் தங்களிடம் ஒப்படைத்தேன். அதுவரையிலான வாடகை பாக்கி ஏதும் இல்லை. முன்பணம் ரூ. 1,00,000 தங்களிடம் உள்ளது. தமிழ்நாடு சட்டம் 42/2017, பிரிவு 11-இன்படி அது 30.11.2025-க்குள் திருப்பித் தரப்பட்டிருக்க வேண்டும். 05.12.2025 அன்று தாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் ரூ. 63,340 பிடித்தம் செய்வதாகத் தெரிவித்துள்ளீர்கள். அதற்கான பில் எதுவும் இணைக்கப்படவில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் என் பதில் கீழே.

மின்கட்டணம் ரூ. 1,640, பூட்டு மற்றும் குழாய் ரூ. 2,200 ஆகியவற்றை முழுமையாக ஏற்கிறேன்.

கீசர் சூடாகவில்லை என்பதையும் பழுதுபார்க்க ரூ. 1,500 ஆகும் என்பதையும் செப்டம்பர் மாதமே தங்களுக்குத் தெரிவித்தேன். தாங்கள் "பார்க்கலாம்" என்று பதில் அனுப்பினீர்கள். பழுதுபார்ப்புச் செலவு ரூ. 1,500-ஐ ஏற்கிறேன். புதிய கீசரின் விலைக்கு நான் பொறுப்பல்ல, ரூ. 6,000-ஐ மறுக்கிறேன்.

காலி செய்வது குறித்து 10.10.2025 அன்று தெரிவித்தேன். ஒரு மாத அறிவிப்புக் காலம் 09.11.2025-இல் முடிகிறது. குறைந்த ஒன்பது நாட்களுக்கு ரூ. 5,400-ஐ ஏற்கிறேன், மீதி ரூ. 12,600-ஐ மறுக்கிறேன். வீட்டுக்குப் புதிய வாடகைதாரர் குடிவந்த தேதியைத் தெரிவிக்கவும்.

பெயின்டிங் செலவை வாடகைதாரர் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இல்லை. மேற்படி சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. படுக்கையறையின் ஒரு சுவரில் க்ரேயான் கறை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அச்சுவருக்கு இணைப்பில் உள்ள மதிப்பீட்டின்படி ரூ. 2,400-ஐ ஏற்கிறேன். மீதி ரூ. 25,600-ஐ மறுக்கிறேன்.

டீப் கிளீனிங் ரூ. 6,000-க்கு ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ இடமில்லை. வீடு சுத்தமாக ஒப்படைக்கப்பட்டதற்கு 31.10.2025 அன்று எடுத்த படங்கள் உள்ளன. முழுமையாக மறுக்கிறேன்.

ஆக, நான் ஏற்கும் பிடித்தம் ரூ. 13,140. மீதி ரூ. 86,860-ஐ 31.12.2025-க்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கோருகிறேன். தாங்கள் பகுதித் தொகை செலுத்தினால் அதை வரவு வைத்துக்கொள்வேன். அது கணக்கு முடிந்ததாகாது. குறிப்பிட்ட நாளுக்குள் செலுத்தத் தவறினால், இந்த அறிவிப்பு நாள் முதல் வட்டியும் செலவுத் தொகையும் சேர்த்துக் கோரி உரிய நீதிமன்றத்தை நாடுவேன்.

இப்படிக்கு, கையொப்பம், முகவரி, வங்கிக் கணக்கு விவரம்.

வட்டி பற்றிய அந்த வரியை அழகுக்காகப் போடவில்லை. 1978-ஆம் வருடத்து வட்டிச் சட்டப்படி, திருப்பித் தரும் தேதி எழுத்தில் குறிக்கப்படாத கடனுக்கு, 'வட்டி கேட்பேன்' என்று எழுத்தில் சொன்ன நாளிலிருந்துதான் வட்டி கேட்க முடியும். சொல்லாமல் விட்டால் அத்தனை மாத வட்டிக்கான வாதத்தையும் நீங்களே பலவீனமாக்குகிறீர்கள். விகிதத்தை எழுத வேண்டாம். 24 சதவீதம் என்று கந்துவட்டிக் கணக்கில் போட்டால் கடிதத்தின் தொனியே மாறிவிடும்.

இணைப்பாக அசலை அனுப்பாதீர்கள், எல்லாம் நகல். அக்ரிமென்ட், அட்வான்ஸ் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, அவர் அனுப்பிய லிஸ்ட், கீசர் பற்றிய செய்தி, சாவி கொடுத்ததைக் காட்டும் செய்தி, பெயின்டர் மதிப்பீடு, நாலைந்து போட்டோ. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அக்ரிமென்ட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தொகையோடு இருக்கிறதா பாருங்கள். சாவி கொடுத்ததற்குத்தான் பலரிடம் ஆதாரம் இருக்காது. இல்லையென்றால் இன்றே அவருக்கு, அக்டோபர் 31 அன்று சாவியை வாங்கிக்கொண்டதை நினைவுபடுத்தி ஒரு சாதாரணச் செய்தி போடுங்கள். கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் என்றால் அவர் யோசிக்காமல் 'ஆமாம்' என்பார்.

பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லி, பதிவும் பட்டுவாடா செய்ததற்கான சான்றும் சேர்த்துக் கேளுங்கள். ரசீதைக் கடித நகலோடு பின் பண்ணி வையுங்கள், ட்ராக்கிங் பக்கத்தில் 'பட்டுவாடா ஆனது' என்று வந்ததும் அதையும் சேமித்துக்கொள்ளுங்கள். 'வாங்க மறுத்தார்' என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதே நாளில் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு போன் வந்தால் எடுங்கள், பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்பதை ஒரு செய்தியாக அவருக்கே அனுப்புங்கள்.

என் அனுபவத்தில் இந்த மாதிரி கடிதத்துக்குப் பிறகு ஓனர் பெரும்பாலும் போனில்தான் வருவார். "பெயின்டிங்கில் பாதியாவது கொடுப்பா" என்பார். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவர் கூப்பிடும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 80,000 உடனே கைக்கு வந்தால், மீதி 6,860-க்காக வழக்கு நடத்த நான் சொல்ல மாட்டேன். 60,000 என்றால் நானாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டிசம்பர் 31 தாண்டியும் அசையவில்லை என்றால், இதே கணக்கை ஒரு வழக்கறிஞர் நோட்டீஸாக அனுப்பலாம், அல்லது அதற்கு முன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அவரை அழைக்கச் சொல்லலாம். அதற்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. ஆனால் அவர் வர மறுத்தால் கட்டாயப்படுத்தவும் வழியில்லை. அப்புறம் வழக்குத்தான். எங்கே போடுவது என்பது உங்கள் அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா என்பதைப் பொறுத்தது. 2017-ஆம் வருடச் சட்டப்படி 11 மாதமோ 3 வருடமோ, எந்த வாடகை ஒப்பந்தமும் அங்கே பதிவாக வேண்டும். பதிவு எண் இருந்தால் வாடகை நீதிமன்றம். இல்லாவிட்டால் பண மீட்பு வழக்காக சிவில் கோர்ட்டில் போட வேண்டிவரும், அதற்கு மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறது. பதிவு ஆகாத அக்ரிமென்ட்டை ஆதாரமாக ஏற்பதில் சிக்கல் வரலாம், அங்கேதான் வங்கிப் பதிவும் 'முன்பணம் ஒரு லட்சத்தில் கழித்துக்கொள்கிறேன்' என்று அவரே கைப்பட அனுப்பிய வாட்ஸ்அப் லிஸ்டும் உதவும். அந்த லிஸ்டை, அவர் நம்பர் தெரியும்படி, இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்து வேறு இடத்தில் வையுங்கள். போன் மாற்றும்போது தொலைந்துவிட்டது என்று என்னிடம் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.